சம தூரத்தில் நகரும் புள்ளி: நியமப்பாதைக் கணக்குகள்

போன வாரத் தேர்வுத் தாள்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு கோடுகளிலிருந்து சம தூரத்தில் இருக்கும் புள்ளியின் நியமப்பாதையைக் கேட்டிருந்தேன். பலர் ஒரு நேர்க்கோட்டின் சமன்பாட்டை எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். கணக்கு தவறில்லை, ஆனால் விடையில் பாதிதான் இருந்தது. அதற்காகவே இந்தத் தாள். பக்கத்தில் வெள்ளைத்தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, படம் போட்டபடியே படியுங்கள்.

நியமப்பாதை என்றால் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்ட எல்லாப் புள்ளிகளும். இதில் 'எல்லா' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. பாதையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் நிபந்தனைக்குப் பொருந்த வேண்டும். பொருந்தும் புள்ளி எதுவும் வெளியே விடுபடவும் கூடாது. தேர்வில் தவறியது இந்த இரண்டாவது பாதியில்தான்.

கையில் ஒரே ஒரு சூத்திரம் போதும். P(x, y) என்ற புள்ளிக்கும் ax + by + c = 0 என்ற கோட்டுக்கும் உள்ள செங்குத்துத் தொலைவு |ax + by + c| / √(a² + b²). மேலே இருக்கும் அந்த இரண்டு செங்குத்துக் கோடுகள், அதாவது மட்டுக் குறி, அலங்காரத்துக்கு இல்லை. அதை எழுத மறந்தால் பாதி விடை அங்கேயே தொலைந்துபோகும்.

கணக்கு 1. 4x + 3y − 11 = 0, 5x − 12y + 2 = 0 ஆகிய கோடுகளிலிருந்து சம தூரத்தில் உள்ள புள்ளிகளின் நியமப்பாதை என்ன?

நிபந்தனையை அப்படியே எழுதுவோம்:

|4x + 3y − 11| / 5 = |5x − 12y + 2| / 13

இரண்டு எண்களின் மட்டு சமம் என்றால், அந்த எண்கள் ஒன்றாக இருக்கலாம் அல்லது குறி மட்டும் மாறியிருக்கலாம். ஆகவே

13(4x + 3y − 11) = ± 5(5x − 12y + 2)

கூட்டல் குறியை எடுத்தால் 52x + 39y − 143 = 25x − 60y + 10. சுருக்கினால் 27x + 99y − 153 = 0; 9-ஆல் வகுக்க, 3x + 11y − 17 = 0.

கழித்தல் குறியை எடுத்தால் 52x + 39y − 143 = −25x + 60y − 10. அதாவது 77x − 21y − 133 = 0; 7-ஆல் வகுக்க, 11x − 3y − 19 = 0.

இந்த இரண்டு கோடுகளும் சேர்ந்ததுதான் விடை. கொடுத்த கோடுகள் வெட்டிக்கொள்ளும்போது உண்டாகும் கோணங்களின் இருசமவெட்டிகள் இவை. வெட்டும் இடத்தில் நான்கு கோணங்கள் உண்டு. எதிரெதிர்க் கோணங்கள் ஒரே வெட்டியைப் பகிர்ந்துகொள்வதால் வெட்டிகள் இரண்டு. அடுத்தடுத்த கோணங்கள் சேர்ந்து 180° என்பதால் அவற்றின் பாதிகள் சேர்ந்து 90°. எனவே இரண்டு வெட்டிகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து. உங்கள் விடையைச் சரிபார்க்க இதைவிட வேகமான வழி கிடையாது: 3 × 11 + 11 × (−3) = 0. சரி. அப்புறம், கொடுத்த கோடுகள் (2, 1)-இல் வெட்டுகின்றன. அந்தப் புள்ளியை இரண்டு விடைகளிலும் போட்டுப் பாருங்கள், பூச்சியம்தான் வரும்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? வெட்டியின் மேல் ஒரு புள்ளியை எடுத்து நேரடியாகவே அளந்துவிடலாம். (13, −2) என்பது 3x + 11y − 17 = 0-இன் மேல் இருக்கிறது. முதல் கோட்டிலிருந்து அதன் தூரம் |52 − 6 − 11| / 5 = 7. இரண்டாவதிலிருந்து |65 + 24 + 2| / 13 = 7. அடுத்த வெட்டியின் மேல் (5, 12): 45/5 = 9, 117/13 = 9. இரண்டு வெட்டிகளும் நியமப்பாதையில்தான் இருக்கின்றன என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

சில வினாக்களில் 'ஆதிப்புள்ளி இருக்கும் கோணத்தின் இருசமவெட்டி' என்று மட்டும் கேட்பார்கள். அப்போது (0, 0)-ஐ இரண்டு கோவைகளிலும் இடுங்கள். இங்கே −11, +2 வருகிறது. குறிகள் வேறுபடுவதால் கழித்தல் குறி தந்த 11x − 3y − 19 = 0 தான் அந்த வெட்டி. குறிகள் ஒன்றாக இருந்தால் கூட்டல் குறியின் விடையை எடுக்க வேண்டும். மனப்பாடம் செய்ய வேண்டிய விதி இல்லை இது. ஆதிப்புள்ளி இருக்கும் பகுதிக்குள் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அந்தக் கோவைகளின் குறி மாறாது, அவ்வளவுதான்.

கணக்கு 2. கோடுகள் 3x − 4y + 2 = 0, 6x − 8y − 11 = 0 என்றால்?

இவை இணைகோடுகள். முதல் கோட்டை 6x − 8y + 4 = 0 என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் 2-க்கும் −11-க்கும் சராசரி எடுத்தால் விடை பிசகிவிடும். கூட்டல் குறி 4 = −11 என்று முடிகிறது; அந்தப் பக்கம் புள்ளியே இல்லை. கழித்தல் குறி 12x − 16y − 7 = 0 தருகிறது. நடுவில் ஓடும் ஒரே கோடு. இங்கே ஒரு விடை மட்டும் எழுதினால் சரிதான், ஆனால் அடுத்தது ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

கணக்கு 3. (3, 2) என்ற புள்ளியிலிருந்தும் x = −1 என்ற கோட்டிலிருந்தும் சம தூரத்தில் உள்ள புள்ளியின் நியமப்பாதை?

ஒரு கோட்டின் இடத்தில் புள்ளி வந்ததும் பாதை வளைந்துவிடுகிறது. தூரங்களைச் சமப்படுத்தி வர்க்கமாக்குவோம்:

(x − 3)² + (y − 2)² = (x + 1)²

x² இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது (y − 2)² = 8(x − 1). பரவளையம். கொடுத்த புள்ளி அதன் குவியம், கொடுத்த கோடு அதன் இயக்குவரை, முனை (1, 2). முனை குவியத்துக்கும் இயக்குவரைக்கும் சரியாக நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். குவியத்திலிருந்து கோட்டுக்குள்ள தூரம் 4, முனை அதில் பாதி வழியில். சரிபார்க்க (9, 10)-ஐ எடுங்கள்: கோட்டிலிருந்து 10, குவியத்திலிருந்து √(36 + 64) = 10.

இங்கே ± எங்கே போனது என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வர்க்கமாக்கியபோதே இரண்டு குறிகளும் உள்ளே வந்துவிட்டன. கணக்கு 1-ஐயும் வர்க்கமாக்கிச் செய்யலாம். அப்போது இரண்டு வெட்டிகளும் ஒரே இருபடிச் சமன்பாட்டுக்குள் இரட்டை நேர்க்கோடுகளாக வரும். பிறகு அதைக் காரணிப்படுத்த வேண்டும், வேலை அதிகம். அதனால்தான் கோடுகளுக்கு ±, புள்ளியும் கோடும் வந்தால் வர்க்கம் என்று பழகிக்கொள்ளச் சொல்கிறேன்.

இந்த வளைவைக் கையால் பார்க்கலாம். தாளின் கீழ் விளிம்புதான் இயக்குவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று விரல் உயரத்தில் ஒரு புள்ளி. விளிம்பின் ஏதாவது ஓர் இடம் அந்தப் புள்ளியின் மேல் உட்காரும்படி தாளை மடித்து நகத்தால் அழுத்துங்கள். விரித்து, விளிம்பின் வேறோர் இடத்தைக் கொண்டுவந்து மறுபடி மடியுங்கள். இருபது முப்பது மடிப்புகளுக்குப் பிறகு, யாரும் வரையாமலே மடிப்புகளுக்கு நடுவில் ஒரு பரவளையம் எழுந்து நிற்கும். ஒவ்வொரு மடிப்பும் அதற்குத் தொடுகோடு. மடிப்பின் மேல் உள்ள எந்த இடமும் புள்ளியிலிருந்தும், விளிம்பில் நீங்கள் பிடித்த இடத்திலிருந்தும் சம தூரம். அந்த இடத்தில் விளிம்புக்குச் செங்குத்து எழுப்பினால் அது மடிப்பைச் சந்திக்கும் புள்ளி பரவளையத்தில் இருக்கும். வீட்டில் ஒரு முறையாவது செய்துபாருங்கள். சூத்திரம் மறந்தாலும் இந்தப் படம் மறக்காது.

கணக்கு 4. புள்ளி (1, 1), கோடு x + y + 2 = 0.

கோடு சாய்ந்திருப்பதால் பயப்பட எதுவும் இல்லை, முறை அதேதான்.

(x − 1)² + (y − 1)² = (x + y + 2)² / 2

விரித்துச் சுருக்கினால் x² − 2xy + y² − 8x − 8y = 0. இதை (x − y)² = 8(x + y) என்று எழுதுங்கள். இருபடி உறுப்புகள் ஒரு முழு வர்க்கமாகச் சேர்வதுதான் பரவளையத்தின் அடையாளம். சேரவில்லை என்றால் விரித்த இடத்தில் பிழை இருக்கிறது, திரும்பிப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் 2-ஆல் பெருக்கும்போது ஓர் உறுப்பை விட்டிருப்பீர்கள்.

கணக்கு 5. புள்ளி (2, 1), கோடு 4x + 3y − 11 = 0.

உடனே பரவளையம் என்று எழுதிவிடாதீர்கள். 8 + 3 − 11 = 0; புள்ளி கோட்டின் மேலேயே இருக்கிறது. u = x − 2, v = y − 1 என்று எடுத்தால் 25(u² + v²) = (4u + 3v)². இது (3u − 4v)² = 0 என்று சுருங்குகிறது, அதாவது 3x − 4y − 2 = 0. அந்தப் புள்ளி வழியாகக் கோட்டுக்குச் செங்குத்தாகப் போகும் நேர்க்கோடு. யோசித்தால் வேறு எதுவும் வர வழியில்லை: ஓர் இடத்திலிருந்து கோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் செங்குத்தின் அடியில்தான், அந்த அடியே கொடுத்த புள்ளியாக இருந்தால்தான் இரண்டு தூரமும் சமமாகும். எனவே புள்ளி கோட்டின் மேல் உள்ளதா என்பதை முதல் வரியிலேயே பார்த்துவிடுங்கள்.

கணக்கு 6. இரண்டு அச்சுகளையும் தொட்டுக்கொண்டு (2, 1) வழியாகச் செல்லும் வட்டங்கள் எத்தனை?

வட்டத்தின் மையம் இரண்டு அச்சுகளிலிருந்தும் புள்ளியிலிருந்தும் சம தூரத்தில் இருக்க வேண்டும். ஆக, இரண்டு நியமப்பாதைகள் வெட்டும் இடங்களே மையங்கள். அச்சுகள் தருவது y = x, y = −x. புள்ளியும் y-அச்சும் தருவது (x − 2)² + (y − 1)² = x².

y = x என்றால் x² − 6x + 5 = 0; மையங்கள் (1, 1), (5, 5), ஆரங்கள் 1, 5. y = −x என்றால் x² − 2x + 5 = 0; மெய்த் தீர்வு இல்லை. விடை இரண்டு வட்டங்கள். y = −x விடை தராது என்று முன்பே தெரிந்தவர்கள் போல அதை எழுதாமல் விடாதீர்கள். அதைச் சோதித்து, தீர்வு இல்லை என்று காட்டினால்தான் 'எத்தனை' என்ற கேள்விக்கு முழு விடை.

நீங்களே செய்ய:

(அ) x − y + 1 = 0, 7x + y − 9 = 0 ஆகிய கோடுகளிலிருந்து சம தூரம்.

(ஆ) (−2, 3), y = −1 ஆகியவற்றிலிருந்து சம தூரம்.

(இ) ஆதிப்புள்ளி, x − y − 4 = 0 ஆகியவற்றிலிருந்து சம தூரம். முனையையும் காண்க.

(ஈ) x = 0, y = 0, 3x + 4y − 12 = 0 ஆகிய மூன்று கோடுகளிலிருந்தும் சம தூரத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளும்.

விடைகள்: (அ) x + 3y − 7 = 0, 3x − y − 1 = 0. (ஆ) (x + 2)² = 8(y − 1). (இ) (x + y)² = 8(y − x + 2); முனை (1, −1). (ஈ) (1, 1), (6, 6), (−2, 2), (3, −3). முதலாவது முக்கோணத்தின் உள்வட்ட மையம், மற்ற மூன்றும் முக்கோணத்துக்கு வெளியே நின்று மூன்று கோடுகளையும் தொடும் வட்டங்களின் மையங்கள். (ஈ)-யில் ஒரே ஒரு புள்ளி கிடைத்தவர்கள், கணக்கு 1-ஐ இன்னொரு முறை ± குறியோடு எழுதிவிட்டு வாருங்கள்.