மூன்று கோட்டு அணில்: பருத்தி நூலில் கையால் பின்னிய குரோஷே பொம்மை

உயரம்: உட்கார்ந்த நிலையில் சுமார் 20 செ.மீ.
வால்: சுமார் 18 செ.மீ.
எடை: 130 கிராம் அளவில்
நூல்: 100% பருத்தி
உள்ளே: பாலியஸ்டர் ஃபைபர் பஞ்சு
கண், மூக்கு, வாய்: நூலால் தைத்தவை
விலை: ₹1,150 (தமிழ்நாட்டுக்குள் அனுப்பும் செலவு உட்பட)
ஆர்டர் கொடுத்த பிறகு செய்யும் காலம்: 15 நாட்கள்

தென்னை மரத்தில் ஏறி இறங்கும் நம் ஊர் அணில்தான் இது. சிவப்பு உடம்பும் புசுபுசு வாலுமாகப் படப்புத்தகங்களில் வரும் வெளிநாட்டு அணில் இல்லை. சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு, பால் வெள்ளை வயிறு, முதுகில் மூன்று வெள்ளைக் கோடு. ராமர் தடவிக் கொடுத்த கதையைச் சொல்லித் தூங்க வைக்கும் பாட்டி வீட்டில் இருந்தால், விரல் வைத்துக் காட்டக் கோடுகள் தயாராக இருக்கின்றன. முன்னங்கால் இரண்டையும் மார்பில் சேர்த்து எதையோ கொறிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும். கையில் ஒரு கொட்டை வைத்துத் தரமுடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். தனியாகக் கழன்று வரக்கூடிய சின்னப் பொருள் எதையும் நான் சேர்ப்பதில்லை.

கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கச் செய்த பொம்மை இல்லை இது. பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுப்பார்கள், காதைச் சப்புவார்கள், ரசம் சாதத்தில் தோய்ப்பார்கள், அப்புறம் கட்டிப்பிடித்துத் தூங்குவார்கள். நூல், பஞ்சு, தையல் எல்லாமே இதை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தவை.

நூல்

குரோஷே பொம்மை என்றாலே "உல்லன் நூலா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கடையில் உல்லன் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். விலை குறைவு, நிறம் பளிச்சென்று இருக்கும், பின்னவும் சுலபம். ஆனால் நம் வெயிலில் முகத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ள அது சுகப்படாது. நாளாக ஆக மேலே மயிர் மயிராகக் கிளம்பிச் சின்ன உருண்டைகளாகத் திரளும். வாயில் வைக்கும் குழந்தைக்கு அந்த உருண்டைகள் வேண்டாம். வெல்வெட் மாதிரி இருக்கும் ப்ளஷ் நூல் தொடுவதற்கு அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் மலிவான ரகங்களில் இழை உதிர்கிறது. கறை பட்டால் அந்தப் புசுபுசுப்புக்குள்ளேயே தங்கிவிடும்.

அதனால் இந்த அணில் முழுக்க முழுக்கப் பருத்தி. நடுத்தரத் தடிமன் நூலை 2.5 மி.மீ. ஊசியால் இறுக்கமாகப் பின்னுகிறேன். அதே நூலில் சட்டையோ சால்வையோ பின்னுகிறவர்கள் இதைவிடப் பெரிய ஊசி எடுப்பார்கள். பொம்மைக்கு இறுக்கம்தான் முக்கியம். கண்ணிகளுக்கு நடுவே ஓட்டை விழுந்தால் பஞ்சு எட்டிப் பார்க்கும், குழந்தையின் விரல் அதை நோண்டத் தொடங்கும். வெளிச்சத்தில் பிடித்து உடம்பை இரண்டு பக்கமும் லேசாக இழுத்துப் பாருங்கள், பஞ்சு தெரியக் கூடாது. தெரிந்தால் அந்தப் பொம்மையை என்னிடமே திருப்பி அனுப்பலாம்.

பருத்திக்கும் குறை உண்டு. அக்ரிலிக்கைவிடக் கனம், நனைந்தால் இன்னும் கனம். கையில் எடுத்ததும் பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று முறை துவைத்தபின் மிருதுவாகிவிடும்.

பின்னிய விதம்

தலையும் உடம்பும் ஒரே துண்டு. மூக்கு நுனியில் தொடங்கிக் கழுத்தைச் சுருக்கி, மறுபடி விரித்து, அப்படியே அடிவரை வட்டமாகப் பின்னிக்கொண்டே போவது. தனித்தனியாகப் பின்னித் தைத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பிள்ளைகள் தூக்குவது கழுத்தைப் பிடித்துத்தான். ஒரே துண்டாக இருந்தால் தலை பிய்ந்து வருமோ என்ற பயமே இல்லை. காது, கால், வால் இவை மட்டும் தனியாகப் பின்னிச் சேர்ப்பவை. வால் இணையும் இடத்தில் இரண்டு சுற்றுத் தையல் போட்டு, நூல் முனையை உடம்புக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி மறைக்கிறேன்.

முதுகுக் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டமாகப் பின்னும்போது கண்ணிகள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாயும். பின்னும்போதே வெள்ளை நூலை மாற்றி மாற்றிச் சேர்த்தால் கோடு முதுகில் இறங்காமல் விலாப் பக்கம் வளைந்து ஓடிவிடும். எனவே உடம்பை முடித்து, பஞ்சு அடைப்பதற்கு முன்பே, கண்ணி இடைவெளிகளில் ஊசியை விட்டுச் சங்கிலித் தையலாகக் கோடுகளைப் போடுகிறேன். கொஞ்சம் மேடாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் மூன்றும் தனித்தனியே தெரியும். ஃபெல்ட் துணி வெட்டிப் பசையால் ஒட்டும் வேலை எங்குமே கிடையாது.

அணில் வாலுக்கு மயிர் வைக்காமல் விட்டது தெரிந்தே செய்தது. நூலை வளையம் வளையமாக விட்டுப் பின்னினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த வளையத்தில் கைக்குழந்தையின் விரல் மாட்டலாம். பிரஷ் போட்டு இழையைக் கிளப்பினால் அது வாய்க்குள் போகும். பதிலாக, கண்ணியின் பின்பக்க இழையை மட்டும் எடுத்துப் பின்னியிருக்கிறேன். வால் முழுக்க வரிவரியாக மடிப்பு விழும். பல் முளைக்கும் குழந்தைகளுக்கு அந்த மடிப்பு மேல் தனிப் பிரியம்.

உள்ளே இருக்கும் பஞ்சு

பழைய தலையணையையோ துணித் துண்டுகளையோ கிழித்து அடைப்பதில்லை. புதிய, வெள்ளை, சிலிக்கான் பூச்சுள்ள பாலியஸ்டர் ஃபைபர். நல்ல தலையணைகளில் போடும் அதே சரக்கு. அழுத்தினால் திரும்ப எழும்பும், தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது.

"இலவம் பஞ்சு போட்டுத் தரமுடியுமா, இயற்கையாக இருக்குமே?" என்று கேட்பவர்கள் உண்டு. தலையணைக்கு இலவம் பஞ்சை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் பொம்மையைத் துவைத்தாக வேண்டும். நனைந்த இலவம் பஞ்சு கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும், உள்ளே சரியாகக் காயாமல் வாடை அடிக்கும். அதன் தூசி சில பிள்ளைகளுக்குத் தும்மலைக் கிளப்பும். மன்னிக்கவும், போடமாட்டேன். அதேபோல, அடியில் கனம் கொடுக்க பிளாஸ்டிக் மணி, அரிசி, கடுகு எதையும் போடுவதில்லை. தானியத்தில் வண்டு விழும். மணி வெளியே வந்தால் தொண்டையில் சிக்கும்.

பாதுகாப்பு

கண் இரண்டும் கறுப்புப் பருத்தி நூலால் தைத்தவை. பின்பக்கம் வளையம் போட்டுப் பூட்டும் பிளாஸ்டிக் கண்களுக்குச் 'சேஃப்டி ஐ' என்று பெயர் இருந்தாலும், குரோஷே துணி இழுபடும் தன்மை கொண்டது. கடித்து இழுத்தால் கழன்று வரலாம். மூன்று வயது தாண்டிய பிள்ளைக்கு அந்தப் பளபளப்புக் கண்தான் வேண்டும் என்றால் ஆர்டரில் சொல்லுங்கள், வைத்துத் தருகிறேன். அதற்குக் கீழே என்றால் எவ்வளவு கேட்டாலும் நூல் கண்தான்.

ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது தொட்டிலிலோ தூளியிலோ இந்த அணிலை (எந்த மெத்தைப் பொம்மையையும்தான்) வைக்க வேண்டாம். முகத்தை அடைத்துவிடும். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது விளையாடட்டும்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு அதில் விலக்கு உண்டு. நான் அப்படிப் பதிவு செய்தவள். ஆகவே இதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்காது, ஆய்வகச் சான்றிதழும் இல்லை. மேலே சொன்னவை அனைத்தும் என் கையால் செய்து, இழுத்துப் பார்த்து அனுப்புபவை.

துவைக்கும் முறை

சாதாரண அழுக்கு என்றால் முழுதாக நனைக்கவே வேண்டாம். ஈரத் துணியில் ஒரு சொட்டு பேபி ஷாம்பு தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைத்தால் போதும். குழம்புக் கறை பட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். மஞ்சள் ஏறிக் காய்ந்துவிட்டால் வெள்ளை வயிற்றிலிருந்து முழுதாகப் போவது கஷ்டம்.

முழுதாகத் துவைக்க: ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் லிக்விட் சோப்பு, பத்து நிமிடம் ஊறல், கையால் மெதுவாக அமுக்கி அமுக்கி எடுப்பது. சோப்பு நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுங்கள், இல்லாவிட்டால் நூல் விறைத்துப்போகும். சுடுதண்ணீர் கூடாது, பருத்தி சுருங்கும். ப்ளீச் கூடாது. கல்லில் அடிப்பது, பிரஷ் போடுவது, முறுக்கிப் பிழிவது எதுவும் கூடாது. முறுக்கினால் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கி அணிலுக்கு இடுப்பு வளைந்துவிடும். உலர்ந்த துண்டில் சுருட்டி மேலே அழுத்துங்கள், பாதித் தண்ணீர் போய்விடும்.

காயப்போடும்போது வாலில் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிடாதீர்கள். நனைந்த பருத்தியின் கனம் முழுவதும் அந்தத் தையலில் இறங்கும், வாலும் நீண்டுவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், தட்டையாகப் படுக்க வைத்து, நடுநடுவே புரட்டிப் போடுங்கள். வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். நன்றாக அழுத்திப் பார்த்து, சில்லென்று இருந்தால் இன்னொரு நாள் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபேனுக்கு அடியில் வைப்பதுதான் வழி.

வாஷிங் மெஷின்? அவசரத்துக்குப் போடலாம். தலையணை உறைக்குள் விட்டு வாயைக் கட்டி, 'டெலிகேட்' ஓட்டத்தில், குளிர்ந்த தண்ணீரில். டிரையர் மட்டும் வேண்டாம். முதல் முறை துவைக்கும்போது பழுப்பு நிறம் லேசாக விடலாம், மற்ற துணிகளோடு சேர்க்காதீர்கள். எடுத்து வைக்கும்போது அந்துருண்டை போடாதீர்கள்; பிள்ளை வாயில் வைக்கும் பொருள்.

எத்தனை நாளில் கிடைக்கும்

செய்து வைத்து விற்பது இல்லை. பணம் வந்த நாளிலிருந்து 15 நாட்களில் கோவையிலிருந்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புவேன். பார்சல் வந்து சேரும் நாட்கள் அதற்கு மேல். காது ஓரத்தில் பெயர் தைக்க வேண்டுமென்றால் இரண்டு நாள் கூடும். ஆறு எழுத்துக்குள் இருந்தால்தான் படிக்க முடியும். நவராத்திரிக்கு முன்பும் டிசம்பரிலும் ஆர்டர் குவியும், அப்போது 25 நாட்கள் ஆகும். பிறந்தநாள் பரிசு என்றால் தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடியாது என்றால் அப்போதே முடியாது என்று சொல்லிவிடுவேன், பணம் வாங்கிக்கொண்டு இழுத்தடிக்கமாட்டேன். "நாளைக்கே வேணும் அக்கா" என்பவர்களுக்கு உதவ முடியாது.

பின்னத் தொடங்கும் வரை ஆர்டரை ரத்து செய்யலாம், முழுப் பணமும் திரும்ப வரும். தொடங்கிய பிறகு முடியாது. கையால் பின்னுவதால் உயரத்தில் ஒரு செ.மீ. முன்பின் இருக்கும், நூல் வரும் லாட்டைப் பொறுத்துப் பழுப்பு சற்று மாறும், ஒரு அணிலின் முகம் இன்னொன்றைப் போல இருக்காது. இவற்றுக்காகத் திருப்பி எடுப்பதில்லை. தையல் விட்டுப்போனால் எத்தனை மாதம் கழித்தும் அனுப்புங்கள். தைத்துத் தர காசு வேண்டாம், நீங்கள் அனுப்பும் தபால் செலவு மட்டும் உங்களுடையது.

ஆர்டர் கொடுக்கும்போது பிள்ளையின் வயது, கண் நூலிலா பிளாஸ்டிக்கிலா, பெயர் வேண்டுமானால் அதன் எழுத்துகள், பின்கோடோடு முகவரி, இவற்றை ஒரே செய்தியில் எழுதி அனுப்புங்கள்.