பொருள்: பலகாரக் கடை ஆர்டர் செயலி: செலவு, நாள் கணக்கு, இதில் சேராதவை

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை கடையில் பேசியதையெல்லாம் எழுத்தில் தரச் சொன்னீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பணம் சம்பந்தப்பட்டது என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

அன்று கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் ஆர்டர் நோட்டைப் புரட்டிய பிறகுதான் வேலை என்னவென்று எனக்கு விளங்கியது. ‘கை.மு. 101 – 7 சு. – பள்ளத்தூர் – வெள்ளி காலை’ என்று ஒரு வரி. பொருள், எண்ணிக்கை, சுற்று, ஊர், நாள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. கொடுத்து முடித்ததும் தாளின் மூலையைக் கிழித்துவிடுகிறீர்கள். இதைவிட நல்ல முறையை நான் கண்டுபிடிக்கப்போவதில்லை. நீங்கள் இல்லாத நேரத்தில் தம்பி போனில் எடுக்கும் ஆர்டர் நோட்டில் ஏறாமல் போவதுதான் சிக்கல். அதனால் ஒரே வெள்ளிக்கிழமைக்கு இரண்டு கல்யாண வீட்டுக்கு முறுக்குச் சுற்ற ஒப்புக்கொள்ளும்படி ஆகிறது.

ஆகவே செயலியின் உயிர்நாடி நாள் வரம்பு. சீப்புச் சீடை ஒரு நாளைக்கு 15 கிலோ, கைமுறுக்கு 400 என்று நீங்கள் ஒருமுறை குறித்துவிட்டால், அந்த அளவு நிறைந்ததும் அந்தத் தேதி தானாக மூடிக்கொள்ளும். முறுக்குச் சுற்றும் அக்கா வரவில்லை என்றால் காலையிலேயே வரம்பைக் குறைத்துவிடலாம். சீடையும் மணகோலமும் கிலோவில் விற்கும். கைமுறுக்கும் அதிரசமும் எண்ணிக்கையில் விற்கும். முறுக்குக்கு மட்டும் எத்தனை சுற்று என்ற கேள்வி கூடுதலாக வரும். கடையில் விற்கும் ஆயத்தச் செயலிகளில் இந்தச் சுற்றுக் கணக்கை நுழைப்பது பெரும்பாடு. புதிதாகச் செய்யலாம் என்று நான் சொன்னதற்கு அதுதான் காரணம்.

மொத்தச் செலவு 48,000 ரூபாய். வாடிக்கையாளர் பார்த்து ஆர்டர் கொடுக்கும் பக்கத்துக்கு 18,000. உங்கள் பக்கத்துக்கு, அதாவது நாள்வாரி ஆர்டர் பட்டியல், வரம்பு, மூலையைக் கிழிப்பதற்குப் பதிலாக ‘கொடுத்தாயிற்று’ பொத்தான் ஆகியவற்றுக்கு 14,000. யுபிஐ, வாட்ஸ்அப் இணைப்புக்கு 7,000. பிளே ஸ்டோரில் ஏற்றுவதற்கு 6,000. தம்பிக்கும் உங்களுக்கும் கடையிலேயே மூன்று நாள் உட்கார்ந்து பழக்கிவிடுவதற்கு 3,000. நான் ஜிஎஸ்டி பதிவில் இல்லை. அதனால் இதன் மேல் வரி ஏறாது. தொடங்கும்போது 20,000, கடையில் வைத்து ஓட்டிக் காட்டியதும் 18,000, திறந்த பிறகு 10,000 என்று மூன்று தவணையாகக் கொடுத்தால் போதும்.

இவை போக, என் கைக்கு வராத செலவுகள் உண்டு. இணைய முகவரிக்கும் சர்வருக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 7,000 ரூபாய். பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். மூன்றையும் உங்கள் பெயரில், உங்கள் அட்டையில் வாங்கித் தருகிறேன். நாளைக்கு என்னோடு ஒத்துவரவில்லை என்றாலும் கடையின் முகவரி உங்களிடமே இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் வளைந்துகொடுக்க மாட்டேன். முகவரி செய்தவர் பெயரில் இருந்து, பிறகு அவர் போனையே எடுக்காமல் தவித்த ஒருவருக்கு இரண்டு மாதம் அலைந்து மீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பணம் வாங்குவதில் இரண்டு வழி இருக்கிறது. யுபிஐயில் நேரே உங்கள் கணக்குக்கு வந்தால் பிடித்தம் இல்லை. ஆனால் பணம் வந்ததைச் செயலி அறியாது. தம்பி வங்கிச் செய்தியைப் பார்த்து ‘பணம் வந்தது’ என்று அழுத்த வேண்டும். இடையில் கட்டண நிறுவனம் ஒன்றை வைத்தால் எல்லாம் தானாக நடக்கும். அவர்கள் பெரும்பாலும் 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுப்பார்கள். ஆயிரம் ரூபாய் ஆர்டருக்கு 23 ரூபாய் 60 காசு போய்விடும். நாளுக்கு இருபது முப்பது ஆர்டர் இருக்கும் வரை முதல் வழியே போதும் என்பது என் எண்ணம். அதைத்தான் கணக்கில் எடுத்திருக்கிறேன்.

நாள் கணக்கு இது. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு இருக்கும். ஜூலை 20-ஆம் தேதி முன்பணம் வந்தால் அன்றே தொடங்குவேன். முதல் வாரத்துக்குள் விலைப் பட்டியலும் படங்களும் நீங்கள் தர வேண்டும். அடுத்த இரண்டு வாரம் என் வேலை. நான்காம் வாரம் கடையில் வைத்து ஓட்டிப் பார்ப்போம். ஆவணி முதல் வாரத்தில், போனில் இணைப்பைத் தொட்டால் திறக்கும் வடிவம் வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும். ஐபோனிலும் அது வேலை செய்யும். பிளே ஸ்டோர் மட்டும் தாமதமாகும். தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் திறந்தால் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே பொதுவில் வெளியிட விண்ணப்பிக்க விடுகிறார்கள். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் 12 பேரைச் சொல்லிவைத்துவிடுங்கள். மலேசியாவில் இருப்பவர்களையும் சேர்க்கலாம்.

படங்கள் ஒரு வாரம் தள்ளினால் எல்லாமே ஒரு வாரம் தள்ளும். புரட்டாசி பிறந்த பிறகு புதிதாக எதையும் திறக்க மாட்டேன். தீபாவளி ஆர்டர் குவியும் நேரத்தில் தம்பி புதுப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இந்தத் தொகையில் சேராதவற்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐபோனுக்கான தனிச் செயலி கிடையாது. அதற்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்ட வேண்டும், இப்போதைக்கு வீண். கூரியர் பார்சல் எங்கே போகிறது என்று காட்டும் வசதி, வெளிநாட்டு ஆர்டர், ஜிஎஸ்டி பில், உங்கள் கணக்குப்பிள்ளையின் கணக்கு மென்பொருளோடு இணைப்பது ஆகியவையும் கிடையாது. பலகாரத்தைப் படம் எடுப்பது என் வேலை அல்ல. வாழை இலையில் வைத்து, காலை வெயிலில், நல்ல போனில் எடுத்தாலே போதும். எப்எஸ்எஸ்ஏஐ எண்ணைத் தந்தால் பக்கத்தில் போட்டுவிடுவேன். உரிமத்தைப் புதுப்பிப்பது உங்கள் பொறுப்பு. வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, ஆர்டர் விவரம் தானே நிரம்பி நிற்கும், வாடிக்கையாளர் அனுப்பு என்று அழுத்த வேண்டும். கடையிலிருந்து தானாகவே செய்தி போக வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

சனிக்கிழமை நீங்கள் கேட்ட ‘கல்யாணச் சீர் மொத்த ஆர்டர்’ பக்கத்தையும் இதில் சேர்க்கவில்லை. அதில் பேரம் இருக்கிறது, முன்பணம் இருக்கிறது, கடைசி நேரத்தில் எண்ணிக்கை மாறுவது இருக்கிறது. அவர்கள் உங்களிடம் நேரில் பேசுவதே நல்லது. அந்த இடத்தில் உங்கள் போன் எண்ணைப் பெரிதாகப் போட்டுவிடுகிறேன்.

திறந்த நாளிலிருந்து 60 நாள், என் பிழை எதுவானாலும் காசு வாங்காமல் சரிசெய்வேன். விலை மாற்றம், புதுப் பலகாரம் சேர்ப்பது எல்லாம் நீங்களே செய்யலாம். வடிவத்தில் இரண்டு முறை திருத்தம் சொல்லலாம். அதற்கு மேல் போனால் மணிக்கு 600 ரூபாய்.

இந்தத் தொகை ஜூலை 31 வரை செல்லும். சம்மதமென்றால் இதற்குப் பதிலாக ஒரு வரி எழுதுங்கள்; கணக்கு எண்ணை அனுப்புகிறேன். அதற்கு முன் ஒன்று மட்டும் தெரிய வேண்டும்: ஐந்து சுற்று முறுக்குக்கும் ஏழு சுற்றுக்கும் நாள் வரம்பு ஒன்றா, தனித்தனியா?

இப்படிக்கு,
கதிரேசன்
கழனிவாசல், காரைக்குடி