மழை நாள் ஆன்லைன் வகுப்பு: பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு

அன்புள்ள பிள்ளைகளே,

மழைக்காக கலெக்டர் விடுமுறை விட்டால், அன்று காலை 9.30 மணிக்கு கூகுள் மீட்டில் கணக்கு வகுப்பு நடக்கும். லிங்க் நம் வாட்ஸப் குழுவில் வரும். அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால், மழை நின்றபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. முதல் வகுப்பிலேயே சில சங்கடங்கள் வந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மைக். வகுப்பில் சேரும்போதே மைக் அணைந்திருக்க வேண்டும். மைக் படத்தின் மேல் குறுக்குக் கோடு இருந்தால் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். சத்தம் படிப்பைக் கெடுக்கும் என்பது மட்டுமல்ல இதற்குக் காரணம். போன வகுப்பில் ஒரு பிள்ளையின் மைக் திறந்தே இருந்தது. பக்கத்தில் அவருடைய அம்மா வீட்டு வாடகை பற்றி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அது நாற்பத்திரண்டு பேர் காதிலும் விழுந்தது. நான் உடனே அந்த மைக்கை அணைத்தேன், ஆனாலும் இரண்டு மூன்று வாக்கியங்கள் கேட்டுவிட்டன. அந்தப் பிள்ளை அதற்குப்பிறகு அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் வீட்டுப் பேச்சு உங்கள் வீட்டோடு இருக்கட்டும். உங்கள் மைக்கை நான் அணைக்க முடியும், திறக்க முடியாது. அதனால் உங்களைப் பேசச் சொன்னால் நீங்களேதான் திறக்க வேண்டும். பேசி முடித்ததும் அணைத்துவிடுங்கள். லேப்டாப்பில் இருப்பவர்கள் Ctrl + D அழுத்தினால் போதும்.

அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் ஆளுக்கொரு வகுப்பில் இருந்தால் இருவரும் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் ஸ்பீக்கரில் வரும் பாடம் இன்னொருவர் மைக்கில் புகுந்துவிடும். குக்கர் விசில், தண்ணீர் லாரி, காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி எல்லாம் நம் தெருக்களில் இருக்கத்தான் செய்யும். அதற்காக யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், மைக்கை அணைத்தால் சரி.

கேமரா கட்டாயம் இல்லை. ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கும் வீடுகள் நம் வகுப்பில் நிறைய என்று எனக்குத் தெரியும். டேட்டா தீர்ந்துபோகும் கவலையும் தெரியும். வருகை எடுக்கும்போது மட்டும் முடிந்தவர்கள் ஒரு நிமிடம் முகம் காட்டுங்கள். எனக்கு அது பெரிய ஆறுதல், ஏனென்றால் கருப்புக் கட்டங்களைப் பார்த்துத் தேற்றம் சொல்வது கஷ்டம். முடியாதவர்கள் 'உள்ளேன் மிஸ்' என்று சாட்டில் எழுதினாலும் வருகை உண்டு. ஏன் போடவில்லை என்று நான் கேட்க மாட்டேன், நீங்களும் ஒருவரை ஒருவர் கேட்காதீர்கள். கேமரா போடுகிறவர்கள் பின்னால் யாராவது நடமாடினால் பின்னணியை மங்கலாக்கிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரே ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். வகுப்பில் தெரியும் யாருடைய முகத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் கூடாது. கொட்டாவி விடுகிறவர் முகத்தை ஸ்டிக்கர் ஆக்கி அனுப்பினால் அது உங்களுக்கு ஒரு நாள் சிரிப்பு. அவருக்கு அது பல நாள் வலி. அப்படி ஏதாவது வந்தால் யாருக்கும் அனுப்பாமல் என்னிடம் சொல்லுங்கள்.

சாட் பாடத்துக்கு மட்டும். அங்கே எழுதுவது எல்லோருக்கும் தெரியும். தமிழிலோ ஆங்கில எழுத்தில் தமிழாகவோ எழுதுங்கள், பிழை பார்க்க மாட்டேன். ஆனால் 'புரியல மிஸ்' என்று மட்டும் எழுதினால் எங்கே புரியவில்லை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? 'மூன்றாவது வரியில் AD/DB = AE/EC எப்படி வந்தது?' என்று கேட்டால் அந்த இடத்துக்கே திரும்பிப் போகலாம். வீட்டுக் கஷ்டமோ உடம்புக்கு முடியாததோ என்றால் சாட்டில் வேண்டாம், எனக்குத் தனியாக வாட்ஸப் செய்யுங்கள்.

அப்புறம், கை தூக்குவது. திரையில் இருக்கும் கை படத்தைத் தொடுங்கள், லேப்டாப்பில் Ctrl + Alt + H. யார் முதலில் தூக்கினார்கள் என்பது எனக்கு வரிசையாகத் தெரியும், அந்த வரிசையில்தான் கூப்பிடுவேன். நான் பாதி வாக்கியத்தில் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள், உங்களை விட்டுவிட மாட்டேன். பேசி முடித்ததும் கையை இறக்குங்கள். இல்லையென்றால் இன்னும் சந்தேகம் இருக்கிறது என்று நினைத்து உங்களையே திரும்பக் கூப்பிடுவேன். பள்ளியில் பேசத் தயங்கும் மூன்று பேர் அன்று இந்தப் படத்தைத் தொட்டுத்தான் முதல்முறையாகக் கேள்வி கேட்டார்கள். அவர்கள் பேசும்போது யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

கரண்ட் போய்த் தொடர்பு அறுந்தால் பதற வேண்டாம். வந்ததும் அதே லிங்கில் சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. விட்டுப்போன பகுதியின் நோட்ஸ் படம் மாலையில் குழுவில் இருக்கும். அடுத்த வகுப்பில் தேல்ஸ் தேற்றத்தின் மறுதலை. ஸ்கேல், காம்பஸ், ரஃப் நோட்டு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு மிஸ்