சூரியன் உச்சிக்கு வரும் வாரம்: வரவேற்புரை

அனைவருக்கும் வணக்கம்.

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களே, எங்கள் விரிவுரையாளர்களே, பட்டர்வொர்த்திலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் காலையிலேயே பாலம் கடந்து வந்திருக்கும் பெற்றோர்களே, இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகளே, நண்பர்களே! இயற்பியல் துறையின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கருத்தரங்குக்கு, ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் உங்களை வருக வருக என வரவேற்கிறேன்.

என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இரவு பத்து மணியானால் தோட்டத்து இஞ்சினை நிறுத்திவிடுவார்களாம்; லயம் முழுக்க இருட்டு. அப்பா படித்ததெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கில்தான். இன்று அந்தத் தோட்டத்தில் ரப்பர் இல்லை, செம்பனை நிற்கிறது. ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளம். சிறுவயதில் அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். குளத்தில் கொப்பளிப்பது மீத்தேன் என்று இந்தத் துறைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்படியே காற்றில் கலக்கவிட்டால், நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். குளத்தை மூடி, வாயுவைப் பிடித்து இஞ்சினுக்கு அனுப்பினால், அதுவே மின்சாரம். நம் முதல் அமர்வு இதைப் பற்றியதுதான்.

செம்பனை ஆலைகளில் வேலை செய்யும் அப்பாக்கள் சிலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அந்தக் குளத்தை நாங்கள் பாடத்தில் படித்தோம். நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். இன்றைய கருத்தரங்கைத் தமிழில் நடத்த நாங்கள் பிடிவாதமாக நின்றது உங்களுக்காகத்தான். கேள்வி நேரத்தில் தயங்காமல் எழுந்து பேசுங்கள் ஐயா. நாங்கள் சொல்வது தவறென்றால் திருத்துங்கள்.

இரண்டாம் அமர்வு சூரிய மின்தகடுகள் பற்றியது. வெயில் கொளுத்தும் ஊர், ஆகவே மின்சாரம் கொட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தகட்டின் திறனை அளப்பது 25 பாகை வெப்பத்தில். நம் கூரையில் அது 60 பாகையைத் தொடும்போது, ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.4 விழுக்காடு குறைந்து, மொத்தத்தில் 14 விழுக்காடு போய்விடுகிறது. 2050-க்குள் மின்னுற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் இலக்கு. இந்த 14-ஐ எப்படி மீட்பது என்று மூன்றாமாண்டு மாணவர்கள் கூரையில் ஏறி அளந்து வந்திருக்கிறார்கள். பிற்பகல் அமர்வு மின்கலச் சேமிப்பு பற்றியது.

இன்னொரு செய்தி. ஏப்ரல் முதல் வாரமான இப்போது, பினாங்கில் சூரியன் நண்பகலில் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். கடிகாரத்தில் அது 1.20-ஐ ஒட்டி வரும். உணவு இடைவேளையில் முற்றத்துக்கு வாருங்கள். நட்டு வைத்திருக்கும் கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்குவதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே மின்தகடும் அளவியும் இருக்கின்றன. தம்பி தங்கைகள் கையால் தகட்டை மறைத்து, எண் இறங்குவதைப் பாருங்கள். ஆனால் சட்டத்தைத் தொடாதீர்கள், சுடும்.

இப்போது தலைமையுரை ஆற்ற எங்கள் துறைத் தலைவர் அவர்களை அன்புடன் அழைக்கிறேன். நன்றி, வணக்கம்.