அறிமுகம்: காண்டல், கருதல், உரை

அளவை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை உண்டு. நீளம், எடை, நேரம் பார்ப்பதும் அளவை. ஒன்றை அறிந்துகொள்ளும் வழியும் அளவை. நம் தருக்க நூல்கள் காண்டல், கருதல், உரை என்ற மூன்றையும் அளவைகள் என்கின்றன. கண்ணால் கண்டு அறிவது, கண்டதிலிருந்து ஊகித்து அறிவது, நம்பத்தக்கவர் சொல்லி அறிவது. இந்தத் தொகுப்பின் எட்டுக் கட்டுரைகளும் முதல் பொருளில் அளவையைப் பற்றியவை. அவற்றை ஒரே வாதமாக வரிசைப்படுத்த உதவியது இரண்டாவது பொருள்தான்.

கட்டுரைகள் வந்து சேர்ந்தபோது துறைவாரியாகத்தான் அடுக்கினேன்: இயற்பியல், மருத்துவம், பொருளியல். அடுக்கிப் படித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பேசவே இல்லை. வெப்பமானி பற்றிய கட்டுரையும் தேசிய வருமானம் பற்றிய கட்டுரையும் ஒரே சிக்கலில் மாட்டியிருந்தன. ஆனால் நடுவே நூறு பக்கம் இடைவெளி. அதைக் கலைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டுரையும் எதை நம்பி ஓர் எண்ணை ஏற்கச் சொல்கிறது என்ற கேள்வியை வைத்து மறுபடி அடுக்கினேன். இப்போது கட்டுரைகள் சேர்ந்து சொல்வது இது: எந்த அளவும் முதலில் காண்டல் போலத் தெரிகிறது, சற்று உள்ளே போனால் அது கருதலில் நிற்கிறது, இன்னும் உள்ளே போனால் யாரோ கொடுத்த உரையில், அதாவது வாக்கில், நிற்கிறது. அந்த வாக்கை யார் கொடுத்தார்கள், யார் காப்பாற்றுகிறார்கள் என்று தெரியாதபோதுதான் அளவுகள் தவறிப்போகின்றன.

முதல் பகுதியில் இரண்டு கட்டுரைகள். மீட்டர் பற்றிய முதல் கட்டுரை 1792-இல் டன்கிர்க்கிலிருந்து பார்சலோனா வரை நிலத்தை அளக்கப் புறப்பட்ட பிரெஞ்சு வானியலாளர்கள் டெலாம்பர், மெஷேன் இருவரையும் பின்தொடர்கிறது. வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்பது திட்டம். பூமியையே சாட்சிக்கு அழைத்தால் எந்த அரசனின் கையையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் பார்சலோனாவில் மெஷேன் எடுத்த இரண்டு கணக்குகள் ஒத்துவரவில்லை. அவர் அதை வெளியே சொல்லாமலே 1804-இல் இறந்தார். பிறகு அவருடைய குறிப்பேடுகளில் அந்த முரணைக் கண்டவர் டெலாம்பர். கட்டுரையாளர் இதை ஏமாற்று என்று எழுதவில்லை. பிழைக்கும் நிச்சயமின்மைக்கும் வேறுபாடு காட்டும் கணிதம் அப்போது முதிரவில்லை என்கிறார். தொகுப்பிலேயே மிகவும் பரிவோடு எழுதப்பட்ட பக்கங்கள் இவை.

இரண்டாவது கட்டுரை கிலோகிராமைப் பற்றியது. 1889 முதல் 2019 வரை பாரிஸ் அருகே பூட்டி வைக்கப்பட்டிருந்த ஓர் உலோக உருளைதான் கிலோகிராம். நூறு ஆண்டுகளில் அதற்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு வந்துவிட்டது. ஆனால் உருளை இளைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அது எவ்வளவோ அதுவே கிலோகிராம் என்பதுதானே வரையறை? காண்டல் உடைகிற இடம் இது. 2019 மே 20 முதல் கிலோகிராம், இயற்கையின் மாறாத எண்களில் ஒன்றான பிளாங்க் மாறிலியின் மீது நிற்கிறது. இனி அதைப் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் அடைய முடியும்.

அங்கிருந்து கருதலுக்கு வருகிறோம். மூன்றாவது கட்டுரையைத்தான் இந்த நூலின் அச்சாணி என்று நினைக்கிறேன். பாதரசம் சூட்டுக்கு ஏற்பச் சீராக விரிகிறதா என்று சோதிக்க வேண்டுமானால், சூடு எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். அதைச் சொல்ல இருப்பதோ பாதரச வெப்பமானி. இந்த வட்டத்திலிருந்து எப்படி வெளியே வந்தார்கள்? 1840-களில் பிரெஞ்சு அறிவியலாளர் ரெனோ உண்மையான வெப்பநிலை எது என்ற கேள்வியை ஒதுக்கி வைத்தார். ஒரே வகையைச் சேர்ந்த வெப்பமானிகள் தமக்குள்ளாவது ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார். தன்னோடு தானே முரண்படும் கருவியை விலக்கினால், மிஞ்சுவதை நம்பலாம். அவசரமாகப் புரட்டுபவர்கள்கூட இந்த ஒரு கட்டுரையை நிதானமாகப் படிக்க வேண்டும். பின்னால் வரும் ஐந்தும் இதன்மேல்தான் ஏறி நிற்கின்றன.

நான்காவது கட்டுரை உடல் நிறைக் குறியீட்டின் கதை. 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியப் புள்ளியியலாளர் கெட்லே, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தச் சூத்திரத்தை எழுதியது சராசரி மனிதனைத் தேடி. நோயாளியைத் தேடி அல்ல. 1972-இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். மக்கள்தொகைக்கான ஒரு கருதல் எப்படித் தனி ஆளின் மீதான தீர்ப்பானது என்பதைக் கட்டுரை படிப்படியாகக் காட்டுகிறது. ஐந்தாவது, தேசிய வருமானம். ஒரு நாட்டின் நலனை இந்த எண்ணிலிருந்து ஊகிக்க முடியாது என்று 1934-லேயே எச்சரித்தவர் அதைக் கணக்கிட்ட பொருளியலாளர் குஸ்நெட்ஸ்தான். எச்சரிக்கை மறந்தது, எண் நின்றது.

மூன்றாம் பகுதி உரை. இதன் முதல் கட்டுரை, நூலில் ஆறாவது, என் வாதத்தோடு மோதுகிறது; அதைச் சொல்லிவிடுவதே நேர்மை. வலியை 0 முதல் 10 வரை சொல்லச் சொல்லும் அளவுகோல் பற்றியது அது. அங்கே காண்டலும் இல்லை, கருதலும் இல்லை. நோயாளி சொல்வதுதான் அளவு. ஆனால் அவர் யாரோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. ஒருவருடைய 7-ஐ இன்னொருவருடைய 7-ஓடு ஒப்பிடுவது வீண், அவருடைய காலை 7-ஐ மாலை 4-ஓடு ஒப்பிடலாம், அவ்வளவுதான் என்கிறார் கட்டுரையாளர். அளவு என்றால் பலர் சேர்ந்து கொடுத்த வாக்கு என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, தனி ஒருவரின் சொல்லும் அளவாக முடியும் என்று இவர் காட்டுகிறார். இரண்டு முறை கடிதம் எழுதி விவாதித்தோம். அவர் மாற்றவில்லை, மாற்றாததே சரி. வாக்கைக் கேட்டு நம்பும் ஓர் ஆள் எதிரில் இருந்தால்தானே அந்த 7-க்கு மருந்து கிடைக்கும் என்பது மட்டுமே என் பதில்.

ஏழாவது கட்டுரை சிறியது. 1999 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த விண்கலம் ஒன்று தொலைந்துபோனது. ஒரு மென்பொருள் பவுண்டு விசையில் எழுதிய எண்ணை இன்னொன்று நியூட்டனில் எழுதியதாக எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வேறுபாடு. இரண்டு பக்கமும் கணக்கு சரி. எந்த அலகு என்ற வாக்குத்தான் நடுவே விழுந்துவிட்டது.

எட்டாவது கட்டுரை நொடியைப் பற்றியது. 1967 முதல் சீசியம் அணுவின் 9,19,26,31,770 அலைவுகள்தான் ஒரு நொடி. பூமியின் சுழற்சி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அதனால் 1972 முதல் 27 முறை ஒரு நொடியைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். கணினி அமைப்புகள் இதில் தடுமாறின. 2035-க்குள் இந்தச் சேர்ப்பைக் கைவிடும் வகையில் விதியை மாற்ற நாடுகள் 2022-இல் முடிவு செய்தன. முதல் கட்டுரையில் பூமியைச் சாட்சிக்கு அழைத்தவர்கள், கடைசிக் கட்டுரையில் பூமியைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் நூலின் இரு முனைகளில் வைத்தது அதற்காகத்தான்.

அளக்கப்பட மறுத்தவர்களைப் பற்றி ஒன்பதாவதாக ஒரு கட்டுரை இருந்திருக்க வேண்டும். கேட்டிருந்தோம், காலத்துக்குள் முடியவில்லை. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது கட்டுரைகளைப் படிக்கையில் அந்தக் குரல் எங்கே வந்திருக்கும் என்று வாசகருக்கே தெரியும்.