சைபர் சட்டம்: இடைநிலையாளர், மின்னணுக் கையொப்பம், மின்னணுச் சான்று – குறுவிடைகள்

இறுதியாண்டு சட்ட மாணவர்களுக்காக எழுதிய விடைகள் இவை. மூன்று பாடங்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் சீக்கிரம் மறந்துவிடும். மூன்றிலும் சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்தத் தகவல் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது? அதைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

1. இடைநிலையாளர் என்பவர் யார்?

பிறர் சார்பாக ஒரு மின்னணுப் பதிவைப் பெறுபவர், சேமிப்பவர், அனுப்புபவர், அல்லது அந்தப் பதிவு தொடர்பாகச் சேவை தருபவர். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 2-வது பிரிவு இப்படி வரையறுக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனம், இணையச் சேவை நிறுவனம், தேடுபொறி, இணையச் சந்தை, பணப்பரிமாற்றத் தளம், சைபர் கஃபே வரை எல்லாம் இதில் அடங்கும். ஒரே நிறுவனம் ஒரு பதிவுக்கு இடைநிலையாளராகவும் இன்னொன்றுக்கு வெளியீட்டாளராகவும் இருக்கலாம். தான் எழுதிப் போட்ட விளம்பரத்துக்கு அது இடைநிலையாளர் இல்லை.

2. 79-வது பிரிவின் பாதுகாப்பு எப்போது கிடைக்கும், எப்போது போகும்?

மூன்றாம் நபரின் தகவலுக்கு இடைநிலையாளர் பொறுப்பாகமாட்டார் என்பது பொது விதி. அதற்கு இரண்டு கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலாவது, அவருடைய வேலை பிறர் தரும் தகவல் கடந்து செல்லவோ தங்கவோ வழி செய்து தருவதோடு நிற்க வேண்டும். அல்லது அனுப்புதலைத் தொடங்காமலும், பெறுபவரைத் தேர்வு செய்யாமலும், தகவலைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ செய்யாமலும் இருக்க வேண்டும். இரண்டாவது, உரிய கவனத்தோடு நடந்திருக்க வேண்டும். முதல் கட்டத்தில் "அல்லது", இரண்டாவதற்கு முன் "மற்றும்". விடைத்தாளில் பலர் இதை மாற்றி எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

சட்டவிரோதச் செயலுக்குச் சதி செய்தாலோ, உடந்தையாக இருந்தாலோ, தூண்டினாலோ பாதுகாப்பு போய்விடும். உண்மையான அறிவு கிடைத்த பிறகும் தகவலை விரைந்து நீக்காவிட்டாலும் போய்விடும்.

2000-இல் இருந்த பழைய 79 இவ்வளவு அகலமானதல்ல. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் பொறுப்பிலிருந்து மட்டுமே அது காத்தது. தனக்குத் தெரியாது என்பதையோ உரிய கவனம் எடுத்ததையோ இடைநிலையாளரே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2004-இல் பாஸி.காம் தளத்தில் ஒருவர் ஆபாசக் காணொளியை விற்பனைக்குப் பட்டியலிட்டதற்காக அதன் தலைமை நிர்வாகியே கைதானார். நிறுவனத்தைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் அவரை மட்டும் விசாரிக்க முடியாது என்று 2012-இல்தான் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 27 அக்டோபர் 2009-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், "வேறு எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும்" என்ற தொடக்கத்தோடு பிரிவையே மாற்றி எழுதியது. 2009-க்கு முந்தைய நிகழ்வுக்குப் பழைய பிரிவுதான் என்பதை 2019-இல் கூகுள் இந்தியா எதிர் விசாகா இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பு காட்டுகிறது. வினாவில் தேதி கொடுத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

3. "உண்மையான அறிவு" என்றால் என்ன?

யாரோ ஒருவர் மின்னஞ்சலில் "இது தவறு, எடுங்கள்" என்று எழுதியது போதாது. நீதிமன்ற ஆணை வர வேண்டும், அல்லது உரிய அரசின் அறிவிக்கை வர வேண்டும். அதுவும் அரசமைப்பின் 19(2)-வது உறுப்பு அனுமதிக்கும் காரணங்களுக்குள் இருக்க வேண்டும். ஷ்ரேயா சிங்கல் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் 24 மார்ச் 2015 அன்று உச்ச நீதிமன்றம் இப்படிச் சுருக்கிப் பொருள் கொண்டது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவு அதே தீர்ப்பில்தான் ரத்தானது. இந்தச் சுருக்கம் இல்லாவிட்டால், புகார் வந்ததும் எதையும் நீக்கிவிடுவதுதான் நிறுவனங்களுக்குப் பாதுகாப்பான வழியாகியிருக்கும். சாதாரண ஆளின் பேச்சுரிமைக்கு இந்தத் தீர்ப்பு செய்த பெரிய உதவி அது என்று நினைக்கிறேன். விடையில் அந்தக் காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள்.

பதிப்புரிமையில் நிலை வேறு. 2016-இல் மைஸ்பேஸ் எதிர் சூப்பர் கேசட்ஸ் வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு, குறிப்பிட்ட படைப்பைச் சுட்டும் அறிவு இருந்தால்தான் பொறுப்பு என்றது; பொதுவான சந்தேகம் போதாது என்றது.

4. 2021 விதிகளின் கீழ் உரிய கவனம் – சிறு குறிப்பு.

25 பிப்ரவரி 2021 அன்று வெளியான இடைநிலையாளர் விதிகள் பயன்பாட்டு நிபந்தனைகளை வெளியிடவும் குறைதீர் அலுவலரை நியமிக்கவும் சொல்கின்றன. 50 லட்சத்துக்கு மேல் பதிவு செய்த பயனர்கள் உள்ள சமூக ஊடகத்துக்குக் கூடுதல் கடமைகள் உண்டு: முதன்மை இணக்க அலுவலர், தொடர்பு அலுவலர், இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அலுவலர். ஒருவரின் அந்தரங்கப் படம் வெளியானதாகப் பாதிக்கப்பட்டவரே புகார் தந்தால் நீதிமன்ற ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2021-இல் அதற்கு வைத்த கெடு 24 மணி நேரம். கெடுக்கள் திருத்தங்களில் மாறக்கூடியவை, தேர்வு எழுதும் ஆண்டின் விதியைப் பார்த்து எண்ணை எழுதுங்கள். விதிகளை மீறினால் 79-இன் பாதுகாப்பு இல்லை என்கிறது 7-வது விதி.

5. ஈரோட்டுத் துணி வியாபாரி ஒருவர் இணையச் சந்தையில் போலி வணிகக்குறியோடு சேலை விற்கிறார். சந்தை நிறுவனம் பொறுப்பா?

விலையையும் படத்தையும் விவரத்தையும் வியாபாரியே ஏற்றி, தளம் இடம் மட்டும் கொடுத்தது என்றால் 79 காக்கும். பொருளைத் தன் கிடங்கில் வைத்தது, கட்டி அனுப்பியது, "அசல்" என்று முத்திரை குத்தி விளம்பரம் செய்தது என்றால் என்ன? 2018-இல் கிறிஸ்டியன் லூபூட்டன் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, இப்படிச் செயலில் இறங்கும் தளம் பாதுகாப்பை இழக்கலாம் என்றார். 2020-இல் ஆம்வே வழக்கில் அதே நீதிமன்றத்தின் அமர்வு, செயலூக்கத் தளம், செயலற்ற தளம் என்ற பிரிவினை 79-இல் இல்லை என்றது. இரண்டையும் எழுதிவிட்டு, உண்மைகளின்படி 79(2) நிறைவேறியதா என்று முடிவு சொல்லுங்கள்.

6. டிஜிட்டல் கையொப்பம் எப்படி இயங்குகிறது?

3-வது பிரிவு. ஆவணத்திலிருந்து ஹாஷ் மதிப்பு எடுக்கப்படுகிறது. கையொப்பமிடுபவர் தன் தனித் திறவுகோலால் அதை மறையாக்குகிறார். பெறுபவர் பொதுத் திறவுகோலால் அதைத் திறந்து, கைக்கு வந்த ஆவணத்தின் ஹாஷோடு ஒப்பிடுகிறார். ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் இரண்டும் பொருந்தாது. அந்தப் பொதுத் திறவுகோல் இன்னாருடையது என்று சான்றிதழ் தருபவர் சான்றளிப்பு அதிகாரி. அவருக்கு உரிமம் தருபவர் கட்டுப்பாட்டாளர். தனித் திறவுகோலைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமை 42-வது பிரிவின்படி அந்தச் சான்றிதழைப் பெற்ற சந்தாதாரருடையது. கணக்கர் கையில் டோக்கனையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவைக்கும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அப்படிக் கொடுத்தவர் பின்னால் "நான் போடவில்லை" என்று சொல்லி நிற்பது கடினம்.

7. மின்னணுக் கையொப்பம் இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

அது பெரிய வட்டம். டிஜிட்டல் கையொப்பம் அதற்குள் ஒரு வகை. 3ஏ பிரிவின்படி நம்பகமான, இரண்டாம் அட்டவணையில் குறிப்பிட்ட எந்த முறையும் செல்லும். ஆதார் வழி மின்கையொப்பம் அப்படி 2015-இல் சேர்ந்தது. நம்பகம் என்றால் கையொப்பத் தரவு அந்த நபரோடு மட்டும் இணைந்திருக்க வேண்டும், கையொப்பமிடும் நேரத்தில் அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், பின்னால் செய்த மாற்றம் தெரியவர வேண்டும்.

பேனாவால் போட்ட கையெழுத்தைப் படம் எடுத்து பிடிஎஃப்பில் ஒட்டினால் அது இந்தச் சட்டத்தின் மின்னணுக் கையொப்பம் ஆகாது. அதனாலேயே ஒப்பந்தம் செல்லாது என்று எழுதிவிடாதீர்கள். மின்னணு வடிவில் உருவானது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்பது 10ஏ. டிரைமெக்ஸ் எதிர் வேதாந்தா (2010) வழக்கில் மின்னஞ்சல் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் உருவானதாக உச்ச நீதிமன்றம் ஏற்றது.

உயில், அறக்கட்டளைப் பத்திரம் ஆகியவை முதல் அட்டவணையில் உள்ளதால் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது. உயிலை மின்கையொப்பத்தில் எழுத முடியாது.

8. மின்னணுப் பதிவின் சாட்சிய மதிப்பு: 65பி முதல் 63 வரை.

2000-இல் சாட்சியச் சட்டத்தில் 65ஏ, 65பி சேர்ந்தன. மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாகத் தர, அது எந்தக் கருவியில் எப்படி உருவானது என்று சொல்லும் சான்றிதழ் வேண்டும் என்றது 65பி. 1 ஜூலை 2024 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம், 2023 நடைமுறையில் இருப்பதால் இப்போது பார்க்க வேண்டியவை 61, 63.

நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் (நவ்ஜோத் சந்து, 2005) சான்றிதழ் இல்லாமலே தொலைபேசி அழைப்புப் பதிவுகளை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2014-இல் அன்வர் எதிர் பஷீர் அதை மாற்றியது. தேர்தல் வழக்கில் பாட்டும் பேச்சும் அடங்கிய குறுந்தகடுகள் சான்றிதழ் இல்லாததால் நிராகரிக்கப்பட்டன. 2018-இல் ஷாஃபி முகமது வழக்கு, கருவி கையில் இல்லாதவருக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று தளர்த்தியது. 14 ஜூலை 2020 அன்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தளர்வை நீக்கியது.

இந்தக் கடைசி வழக்கின் உண்மைகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு வேட்பாளரின் மனு கெடு தாண்டி வந்ததா என்பதைத் தேர்தல் அலுவலரின் அலுவலகக் காணொளி காட்டும். எதிர்த் தரப்பினர் சான்றிதழ் கேட்டும் அலுவலர்கள் தரவில்லை. வாய்மொழிச் சாட்சியம் சான்றிதழுக்கு ஈடாகாது என்ற நீதிமன்றம், தன்னால் முடிந்த எல்லாம் செய்த தரப்பைத் தண்டிக்கவும் இல்லை. நீதிமன்றம் வழியாகச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம், விசாரணை முடிவதற்குள் தாக்கல் செய்யலாம் என்று வழியும் காட்டியது. அசல் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறி நிரூபித்தால் சான்றிதழ் வேண்டாம் என்பதும் அதில் தெளிவானது.

புதிய சட்டத்தின் 57-வது பிரிவு விளக்கங்கள் சில மின்னணுப் பதிவுகளை முதன்மைச் சான்றாகக் கருதுவதால், சான்றிதழே தேவையில்லை என்று பலர் எழுதுகிறார்கள். 61-வது பிரிவு தன்னை 63-க்கு உட்படுத்திக்கொள்கிறது. நகலைக் கொடுப்பவர் சான்றிதழைத் தயாராக வைத்திருப்பதுதான் சரி.

9. பெட்ரோல் பங்க் கொள்ளை. உரிமையாளர் சிசிடிவி காட்சியைப் பென் டிரைவில் தருகிறார். என்ன வேண்டும்?

பென் டிரைவ் நகல்தான். எனவே 63(4)-இன்படி அட்டவணையில் உள்ள படிவத்தில் சான்றிதழ் வேண்டும். பகுதி அ-வை உரிமையாளர் நிரப்புகிறார்: கருவி டிவிஆர் என்று குறித்து, தயாரிப்பு, மாதிரி, நிறம், வரிசை எண் எழுதி, அது தன் சட்டபூர்வக் கட்டுப்பாட்டில் இருந்தது, வழக்கமாக இயங்கியது, தடை இருந்தால் அது பதிவைப் பாதிக்கவில்லை என்கிறார். பகுதி ஆ-வை நிபுணர் நிரப்புகிறார். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு வேண்டும். விண்டோஸ் கணினியில் அது இப்படி வரும்:

```
certutil -hashfile bunk_cam2.mp4 SHA256
```

கைப்பற்றிய அன்றே இதை எடுத்து மகஜரில் எழுதினால், ஆறு மாதம் கழித்து "காட்சியை வெட்டிவிட்டார்கள்" என்ற வாதத்துக்கு அங்கேயே பதில் இருக்கும். டிவிஆர் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். தாமதமானால் அசலே அழிந்துபோகும்.

சான்றிதழ் இருந்தால் காட்சி ஏற்கப்படும், அவ்வளவுதான். அதில் தெரிவது குற்றம் சாட்டப்பட்டவர்தானா என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் இல்லை என்ற ஆட்சேபத்தை விசாரணையிலேயே எழுப்ப வேண்டும். மேல்முறையீட்டில் முதல் தடவையாகச் சொன்னால் எடுபடாது (சோனு எதிர் ஹரியானா, 2017).

10. அனுமானங்கள்.

புதிய சாட்சியச் சட்டத்தின்படி, பாதுகாப்பான மின்னணுப் பதிவு மாற்றப்படவில்லை என்றும், பாதுகாப்பான கையொப்பம் சந்தாதாரர் ஒப்புதல் நோக்கத்தோடு போட்டது என்றும் நீதிமன்றம் அனுமானிக்கும் (86). மின்னஞ்சலில் வந்த செய்தி அனுப்பப்பட்ட செய்திதான் என்று அனுமானிக்கலாம், அனுப்பியவர் யார் என்று அனுமானிக்க முடியாது (90). வாட்ஸாப் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அச்சிட்டுத் தரும் கட்சிக்காரருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.