அம்மா, அப்பாவுக்கு

அம்மா, அப்பா, நேரில் பேச வாய் வரவில்லை. அதனால்தான் மாடியிலிருந்தே மெசேஜ் அனுப்புகிறேன்.

ஏழரைக்குள் வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒன்பதேகாலுக்கு வந்து நின்றது என் தப்புதான். பஸ் கிடைக்கவில்லை என்று வாசலில் சொன்னேனே, அது பொய். சில்வர் பீச்சில் கேக் வெட்டி முடித்தபோது மணி ஏழுதான். அப்போதே கிளம்பியிருந்தால் திருப்பாதிரிப்புலியூருக்கு நேரத்தோடு வந்திருப்பேன். ஒரு மேட்ச் ஆடிவிட்டுப் போகலாம் என்று கூட இருந்த நண்பர்கள் சொன்னார்கள், நானும் சரி என்று நின்றுவிட்டேன். போன் சைலண்டில், பையோடு மணலில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் வரிசையாக உங்கள் மிஸ்டு கால். பயத்தில் திரும்பக் கூப்பிடவும் இல்லை. அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு.

அப்பா, நீங்கள் வேலை முடிந்து வந்த சட்டையோடு, சாப்பிடாமல், வண்டியை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் வரை தேடிப் போனீர்கள் என்று பாட்டி சொன்னாள். ராத்திரியில் வண்டி ஓட்டினால் எதிர் லைட்டில் உங்களுக்குக் கண் கூசும் என்று எனக்குத் தெரியும். மன்னித்துவிடுங்கள்.

அம்மா, நீ ஊற்றி வைத்த தோசை ஆறி வறவறவென்று இருந்தது. முழுசாகச் சாப்பிட்டுவிட்டேன்.

இந்த மாதம் முழுக்க சாயங்காலம் எங்கேயும் போக மாட்டேன். டியூஷன் விட்டதும் போன் செய்துவிட்டுத்தான் கிளம்புவேன். அப்பா, காலையில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.